தாழ்தளக் குளியலறையின் நீர்த்தடுப்பு: சுவரேற்ற உயரமும் நீர்த்தேக்கச் சோதனையும்
(கீழவைப்பார்க் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு)

1. ஆய்வின் எல்லை

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கீழவைப்பார். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு துறைகளுள் வைப்பாரும் ஒன்று. தெற்கே தூத்துக்குடி வரைக்கும் உப்பளங்கள். இந்தக் கரையில் காற்றும் கிணற்று நீரும் மணலும் ஓரளவு உப்பைச் சுமப்பவை. ஆகவே இங்கே ஒரு மாடி வீட்டின் குளியலறை ஒழுகினால், கீழறையின் உட்கூரையில் கறை படிவதோடு சேதம் நிற்காது. ஒழுகும் நீர் தன்னோடு உப்பையும் தளக் கம்பிவரை கொண்டுபோகும். ஓதம் என்ற சொல் தமிழில் கடலலைக்கும் சுவரில் ஏறும் ஈரத்துக்கும் பொதுவாக நிற்பது. இந்தக் கரையில் அவ்விரண்டும் பொருளிலும் நெருங்கியவை.

இக்கட்டுரை நீர்த்தடுப்பின் எல்லாக் கூறுகளையும் பேசாது. சுவரேற்றத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது, நீர்த்தேக்கச் சோதனையை எந்தக் கட்டத்தில் எவ்வாறு நடத்திப் படிப்பது என்னும் இரு வினாக்களையே எடுத்துக்கொள்கிறோம். தாழ்தளக் குளியலறைகளில் நேரும் குறைகளில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்று தவறுவதால் வருவது என்பது நம் துணிபு.

2. சொல் வரையறை

தாழ்தளம்: கொத்தனார்கள் சங்கன் ஸ்லாப் என்பது. பக்கத்து அறைகளின் தளத்தைவிடத் தாழ்த்தி வார்க்கப்பட்ட குளியலறைத் தளம். கழிவுக்குழாய்கள் இந்தப் பள்ளத்துக்குள் படுத்து ஓடும். அவற்றின் மேல் நிரப்பி, காரை போட்டு, டைல்ஸ் ஒட்டுவார்கள்.

முடிதள மட்டம்: டைல்ஸ் ஒட்டி முடிந்தபின் காலில் படும் தரையின் மட்டம்.

தாழ்வு: முடிதள மட்டத்திலிருந்து தாழ்தளக் கான்கிரீட்டின் மேற்பரப்பு வரை உள்ள செங்குத்து அளவு. வழக்கில் எட்டு முதல் பன்னிரண்டு அங்குலம்.

சுவரேற்றம்: தளத்தில் பூசிய நீர்த்தடுப்புப் படலம் அறுபடாமல் மடிந்து சுவரில் ஏறி நிற்கும் பகுதி.

நீர்த்தேக்கச் சோதனை: பாண்டிங் டெஸ்ட் எனப்படுவது. வடிவாய்களை அடைத்து, படலத்தின் மேல் குறித்த ஆழத்துக்கு நீர் நிறுத்தி, குறித்த நேரத்துக்குப் பிறகு மட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது.

சாட்சிக்குழாய்: தாழ்தளத்தின் மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து வெளிச்சுவருக்கு அப்பால் கண்ணில் படும்படி நீட்டிய சிறு குழாய். இப்பெயர் நாம் இட்டது. பள்ளத்துக்குள் வரக்கூடாத நீர் வந்துவிட்டால் வெளியேற்றுவது இதன் முதற் பணி. வந்துவிட்டது என்று சொல்வது இரண்டாம் பணி. சாக்கடைக் குழாயோடு இதை இணைத்தால் சாட்சி ஊமையாகும், நாற்றமும் உள்ளே ஏறும்.

3. நீர் நுழையும் வழிகள்

வள்ளத்தில் நீர் புகுவது பலகை வழியாக அன்று, பலகைகளின் பொருத்து வழியாக. அதனால்தான் பலகைக்கும் பலகைக்கும் இடையில் கலப்பத்து அடிக்கிறார்கள். குளியலறையும் அப்படியே. நன்றாக வார்த்த தளத்தின் நடுவில் நீர் இறங்குவது அரிது. இறங்குவது பொருத்துகளில். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தளமும் சுவரும் கூடும் மூலை. கான்கிரீட்டும் செங்கல் சுவரும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் இம்மூலையில் மயிரிழை வெடிப்பு எப்போதும் எதிர்பார்க்கத்தக்கது. கூர்மூலையில் பூசிய படலம் அவ்விழையிலேயே கிழியும். அதனால் மூலையைக் கலவையால் ஓரங்குல அளவுக்கு மழுக்கி, அதன் மேல் கண்ணாடி இழை வலைப்பட்டையைப் படலத்துக்குள் பதிப்பது முறை.

இரண்டாம் வகை, தளத்தையோ சுவரையோ துளைக்கும் குழாய்களின் கழுத்து. பிளாஸ்டிக் குழாயைச் சிமெண்டு பற்றிக்கொள்வதில்லை. குழாயைச் சுற்றி எவ்வளவு கலவை அடைத்தாலும் காய்ந்தபின் ஒரு வளைய இடைவெளி மிஞ்சும். சுருங்காத கிரௌட் ஊற்றி, அதன் மேல் வலையோடு படலத்தைக் குழாயின்மீது ஏற்றி முடிக்க வேண்டும். குழாய்கள் எல்லாம் துளைத்துப் பதித்தபிறகே பூச்சு என்னும் ஒழுங்கு இதிலிருந்து பிறக்கிறது. பூசிய மறுநாள் பிளம்பர் உளியோடு வந்தால் பூச்சு வீண்.

மூன்றாம் வகை, வாசல். மற்ற மூன்று பக்கமும் சுவர் உண்டு. வாசலில் படலம் ஏறுவதற்குச் சுவர் இல்லை. டைல்ஸுக்கு அடியில் உள்ள படுக்கைக் கலவை நீரைத் திரி போல உறிஞ்சி, படியைக் கடந்து படுக்கையறைத் தரைக்கு அடியில் கொண்டுபோகும். இதன் அறிகுறி தனியானது. குளியலறைக்கு வெளியே, வாசலை ஒட்டிய டைல்ஸின் இணைப்புகள் கறுத்திருக்கும். நிலைக்காலின் அடி உப்பியிருக்கும்.

4. சுவரேற்ற உயரம்

சுவரேற்றம் ஓரடி என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். எதிலிருந்து ஓரடி என்பது எழுதியிருக்காது. பூசுபவர் பள்ளத்துக்குள் நின்று வேலை செய்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியும் தளம் தாழ்தளம்தான். அங்கிருந்து ஓரடி அளந்து கோடு போடுகிறார். தாழ்வும் ஓரடி என்றால், பள்ளத்தை நிரப்பி டைல்ஸ் ஒட்டிய நாளில் அந்தச் சுவரேற்றத்தின் உச்சி சரியாக முடிதள மட்டத்தில் வந்து நிற்கும். தரைக்கு மேலே பயனுள்ள சுவரேற்றம் பூச்சியம். தரையில் ஓடும் நீர் படலத்தின் மேல் விளிம்பைத் தாண்டிச் சுவருக்கும் படலத்துக்கும் இடையே இறங்கிவிடும். எழுத்தளவில் ஒப்பந்தம் நிறைவேறியிருக்கும். வீடு ஒழுகும்.

ஆகவே நாம் கொள்ளும் விதி இது: சுவரேற்றத்தை முடிதள மட்டத்திலிருந்து மட்டுமே அளக்க வேண்டும். தாழ்வு அதனோடு கூட்டப்படுவது, அதில் அடங்குவதன்று. நடைமுறையில், பூச்சு தொடங்குமுன் மட்டக்குழாய் வைத்து முடிதள மட்டத்தை நான்கு சுவரிலும் நூலடித்துக் கோடாக்கிவிட வேண்டும். பூசுபவர் அந்தக் கோட்டுக்கு மேலே அளக்கட்டும்.

எவ்வளவு உயரம் என்பது அடுத்த வினா. அது நீரின் நடத்தையைப் பொறுத்து மூன்றாகப் பிரியும்.

(அ) வெறும் சுவர். நீர் தெறிக்குமே தவிர நேராக விழாத பகுதி. இங்கே முடிதள மட்டத்துக்கு மேல் 150 மி.மீ. குறைந்த அளவு. பக்கெட்டில் மொண்டு ஊற்றிக் குளிக்கும் நம் வழக்கத்துக்கு 300 மி.மீ. தகும்.

(ஆ) குளிக்குமிடச் சுவர். ஷவர் நீரும் உடம்பில் பட்டுத் தெறிக்கும் நீரும் நேரே மோதும் பகுதி. இங்கே 1800 மி.மீ. வரை ஏற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஈரப்பகுதித் தரநூலான ஏ.எஸ். 3740 ஷவர் சுவருக்குச் சொல்லும் உயரமும் இதுவே. டைல்ஸ் இருக்கிறதே என்பது விடையாகாது. டைல்ஸ் நீரை விடாது, டைல்ஸின் இணைப்பு விடும்.

(இ) வாசல். இங்கே உயரம் தடைப்படுகிறது. மடித்து ஏற்ற வழியில்லாததால், குளியலறை முடிதளத்தை வெளித்தரையைவிட 15 முதல் 25 மி.மீ. தாழ்த்துகிறோம். வாசல் குறுக்கே ஒரு கிரானைட் பட்டியைச் செங்குத்தாகப் பதித்து, படலத்தை அதன் உட்பக்கத்தில் ஏற்றி நிறுத்துகிறோம். படுக்கைக் கலவை இந்தப் பட்டியோடு அறுந்து நிற்க வேண்டும். உள்ளிருந்து வெளியே ஒரே கலவையாக ஓடக்கூடாது.

இப்போது ஓர் அறையைக் கணக்கிடுவோம். கீழவைப்பாரில் ஒரு வீட்டின் முதல் மாடியில் 2.4 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் ஒரு குளியலறை, தாழ்வு 250 மி.மீ., வாசல் 0.75 மீட்டர் எனக் கொள்வோம். தளத்தின் பரப்பு 3.6 சதுர மீட்டர். முடிதளத்துக்குக் கீழே பள்ளத்தின் நான்கு பக்கச் சுவர் ஏறத்தாழ 2 சதுர மீட்டர். ஒரு முனையில் சுவர்கள் சேர்ந்து 3.3 மீட்டர் நீளம் குளிக்குமிடம் என்றால், 1.8 மீட்டர் உயரத்துக்கு அது ஏறத்தாழ 6 சதுர மீட்டர். மிச்சச் சுவரில் 300 மி.மீ. உயரம் 1 சதுர மீட்டருக்குச் சற்று மேல். நிரப்பியபின் பூசும் மேற்படலத்துக்கு மறுபடியும் தளத்தின் 3.6. கூட்டினால் 16 சதுர மீட்டரைத் தாண்டும். அதாவது தரைப்பரப்பைப் போல் நாலரை மடங்கு. தரைப்பரப்புக்கு மட்டும் விலை பேசிய பூச்சுக்காரர் எந்தப் பகுதியைக் குறைப்பார் என்று ஊகிக்கலாம்.

5. வேலையின் படிகள்

முதற்படி, பரப்பைத் தேற்றுதல். தாழ்தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே படிந்த சிமெண்டுப் பாலின் பொருக்கை நீக்கிக் கழுவ வேண்டும். தேன்கூடு போல் ஓட்டை விழுந்த இடங்களைத் தட்டி எடுத்துப் புதுக் கலவையால் அடைக்க வேண்டும். தளத்தின் அடியிலேயே சாட்சிக்குழாயை நோக்கி வாட்டம் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாம் படி, குழாய்க் கழுத்துகளும் மூலைகளும். மேலே சொன்னபடி.

மூன்றாம் படி, அடிப்படலம். பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை எடுத்துக்கொண்டால், பரப்பு ஈரமாக, ஆனால் நீர் தேங்காமல் இருக்கும்போது முதற்கை பூச வேண்டும். அது இறுகியபின் குறுக்குத் திசையில் இரண்டாங்கை. முதற்கையில் தூரிகை விட்ட ஊசித்துளைகளை இரண்டாங்கை மூடும் என்பதே குறுக்குத் திசையின் காரணம்.

நான்காம் படி, முதல் நீர்த்தேக்கச் சோதனை. படலம் முழுதும் முதிர உற்பத்தியாளர் குறித்த நாள்கள் கழிந்தபின்.

ஐந்தாம் படி, நிரப்புதல். இங்கே இக்கரைக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கடற்கரை மணல். அதைப் பள்ளத்துக்குள் கொட்டினால், கம்பிக்கு மேலே ஒரு பெட்டி உப்பை வைத்துப் பூட்டியதாகும். என்றேனும் ஒரு குழாய் இணைப்பு கசிந்தால் அந்த நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு தளத்தைத் தேடும். உப்பில்லாத செங்கல் ஜல்லியோ எடை குறைந்த நுரைக் கான்கிரீட்டோ மேல்.

ஆறாம் படி, வாட்டக் காரை. நஹானி டிராப்பை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ. சரிவு.

ஏழாம் படி, மேற்படலம். நிரப்பு நன்கு உலர்ந்தபின், காரையின் மேல் பூசிச் சுவர்ப் படலத்தின்மீது ஏற்றிப் பொருத்துவது. ஈர நிரப்பை இரு படலங்களுக்கு நடுவே அடைத்தால் ஈரம் பல மாதம் அங்கேயே கிடக்கும், சாட்சிக்குழாயும் பொய்ச்சாட்சி சொல்லும்.

எட்டாம் படி, இரண்டாம் நீர்த்தேக்கச் சோதனை. அதில் தேறிய பின்பே டைல்ஸ்.

6. நீர்த்தேக்கச் சோதனை

ஒரே சோதனை போதாதா என்று கேட்கலாம். போதாது. இரு படலங்களும் வெவ்வேறு பொருளைக் காப்பவை. அடிப்படலம் தளத்தைக் காக்கிறது, மேற்படலம் நிரப்பைக் காக்கிறது. இறுதியில் ஒரு சோதனை மட்டும் செய்தால், மேற்படலம் நன்றாயிருக்கும்வரை அடிப்படலத்தின் ஓட்டை வெளிப்படாது. பின்னொரு நாள் பள்ளத்துக்குள் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போகும்போதுதான் அது தெரியும். அன்று அதைச் சரிசெய்ய டைல்ஸ், காரை, நிரப்பு எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.

முதற்சோதனையின் ஆழம். தளத்தில் 25 மி.மீ. நீர் நிறுத்தினால் தளம் மட்டுமே சோதிக்கப்படும், பள்ளத்தின் பக்கச் சுவர் சோதிக்கப்படாது. ஆகவே முடிதளக் கோட்டுக்கு 50 மி.மீ. கீழ்வரை நிரப்புவதை நாம் பரிந்துரைக்கிறோம். நம் அறையில் அது 200 மி.மீ. ஆழம், 720 லிட்டர், எடை 720 கிலோ. தளம் தாங்குமா என்னும் அச்சத்துக்குக் கணக்கே விடை. அதே பள்ளத்தை 250 மி.மீ. உலர்மணலால் நிரப்பினால் ஏறத்தாழ 1,440 கிலோ. நிரப்பின் எடைக்கு வடிவமைத்த, 28 நாள் முதிர்ந்த தளத்துக்கு இந்த நீர் அதில் பாதிச் சுமை. நிரப்பைக் கணக்கில் கொள்ளாமல் வார்த்த தளம் என்றால், சிக்கல் சோதனையில் இல்லை, தளத்தில் இருக்கிறது.

சோதனை நீர். இங்கேதான் கீழவைப்பாருக்கும் உள்நாட்டு ஊருக்கும் வேறுபாடு பிறக்கிறது. 720 லிட்டர் நல்ல நீர் இக்கரையில் காசுக்கு வருவது. எப்படியும் வடித்து ஊற்றப்போகும் நீர்தானே என்று உவர்க்கிணற்றிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ எடுக்கத் தோன்றும். கம்பியுள்ள கான்கிரீட்டில் கலக்கும் நீருக்கு இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 வைக்கும் குளோரைடு வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம். 720 லிட்டர் கடல்நீரென்றால் 13 கிலோவுக்கு மேல் குளோரைடு அந்தப் பள்ளத்தில் நிற்கும். படலம் தேறிவிட்டால் தீங்கு சிறிது. ஆனால் சோதனையே படலம் தேறுமா என்று அறியாத நிலையில் செய்வது. எங்கே படலம் தோற்கிறதோ அங்கேதான் நீர் உள்ளே போகும். மூலை வெடிப்பிலும் குழாய்க் கழுத்திலும், கம்பிக்கு மிக அருகே, உப்பை நாமே ஊட்டியவர்களாவோம். பிறகு அவ்விடத்தைப் பூசி அடைத்தாலும் உள்ளே போன உப்பு உள்ளேதான். சில ஆண்டுகளில் கம்பி துருவேறிப் பருத்து, கீழறை உட்கூரையின் காரையைத் தள்ளிப் பெயர்க்கும். ஆகவே சோதனைக்கும் நல்ல நீரே வேண்டும். வடிக்கும் நீரைத் தொட்டியில் பிடித்து இரண்டாம் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மட்டத்தைப் படித்தல். சுவரில் பென்சில் கோடு போட்டு, மறுநாள் நீர் குறைந்திருந்தால் ஒழுகுகிறது என்பதும், காற்று குடித்துவிட்டது என்று தள்ளுவதும் இரண்டும் பிழை. கடற்காற்று நீரைக் குடிப்பது உண்மை. எவ்வளவு குடித்தது என்பதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. நேர்ப்பக்கம் உள்ள ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, அதே அறையில், பள்ளத்து நீருக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதிலும் ஒரு கோடு. தொட்டி ஒழுகாது. ஆகவே தொட்டியில் குறைந்தது காற்று குடித்தது. பள்ளத்தில் அதற்கு மேல் குறைந்தது கசிந்தது.

நம் அறையில் ஒரு மி.மீ. குறைவு என்பது 3.6 லிட்டர். இரண்டு நாள் கழித்துத் தொட்டியில் 6, பள்ளத்தில் 7 மி.மீ. குறைந்திருந்தால், அந்த ஒரு மி.மீ. வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்குவது. இன்னொரு நாள் விட்டுப் பார்க்கலாம். தொட்டியில் 6, பள்ளத்தில் 12 என்றால் 21 லிட்டருக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. உட்கூரை உலர்ந்திருந்தாலும் இது தோல்விதான்.

கால அளவு. 24 மணி நேரம் வழக்கத்திலுள்ள குறைந்த அளவு. மெல்லிய கசிவு தளத்தின் தடிமனைக் கடந்து கீழே ஈரமாக வெளிப்பட அதைவிட நேரம் எடுக்கலாம். ஆகவே முதற்சோதனைக்கு 72 மணி, இரண்டாவதற்கு 48 மணி எனக் கொள்வது தகும். இரண்டாவதற்கு வாசலில் கலவையால் தற்காலிக வரம்பு கட்டி, மேட்டுப் பகுதியில் 25 மி.மீ. நிற்கும்படி நிரப்பினால் போதும். முதற்சோதனையில் அடைத்து வைத்த சாட்சிக்குழாயை இதில் திறந்துவிட வேண்டும். அது சொட்டினால் மேற்படலம் தோற்றது. சொட்டாவிட்டால் தேறியது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. உலர்ந்த நிரப்பு பல லிட்டரைச் சத்தமின்றிக் குடித்துவிடும். இங்கும் இறுதித் தீர்ப்பு தொட்டியினுடையது.

நீர் ஊற்றுமுன் கீழறை உட்கூரையைப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கறைகளைச் சாக்கட்டியால் வளைத்து நேரம் எழுதிவைப்பது நன்று. வடகிழக்குப் பருவமழை நாளில் இது கட்டாயம். மழையின் ஓதத்தைச் சோதனையின் கணக்கில் எழுதும் பிழை அதனால் தவிரும்.

7. குறை எங்கே என்று அறிதல்

தோல்வி தெரிந்தபின் படலம் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. ஈரம் தோன்றும் இடமே காரணத்தைச் சொல்லும். உட்கூரையில் குழாயைச் சுற்றி வளையமாக ஈரம் என்றால் கழுத்து. தளமும் உத்தரமும் கூடும் கோட்டில் நீளமாக என்றால் மூலை. பக்கத்து அறைச் சுவரில் தரையை ஒட்டி ஈரம் ஏறினால் சுவரேற்றம். எங்கும் ஈரமில்லாமல் மட்டம் மட்டும் குறைந்தால் முதலில் ஐயுற வேண்டியது வடிவாயில் வைத்த அடைப்பு. துணி சுற்றிய அடைப்பு பெரும்பாலும் கசியும், காற்றூதிய ரப்பர் அடைப்பு நம்பகமானது.

நீரைப் படிப்படியாகக் குறைத்தும் அறியலாம். மட்டம் ஓர் உயரத்துக்கு இறங்கியபின் கசிவு நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில், அதாவது பக்கச் சுவரில் இருக்கிறது. நிற்கவே இல்லையென்றால் தளத்தில். முழு ஆழத்துக்கு நிரப்பியதன் இரண்டாம் பயன் இது.

குடியேறிய வீட்டில் சோதனைக்கு வழியில்லாதபோது, கசிவின் நேரம் உதவும். இரவும் பகலும் ஒரே சீராகக் கசிந்தால் அழுத்தமுள்ள நீர்வரத்துக் குழாய். குளித்தபின் மட்டும் என்றால் தரையோ சுவரோ. பிளஷ் இழுத்தபின் என்றால் கழிவுக்குழாய்.

8. சோதனையின் வரம்பு

நீர்த்தேக்கச் சோதனை நீர் நின்ற உயரம் வரைக்குமே பேசும். 1800 மி.மீ. ஏறிய குளிக்குமிடச் சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அங்கே பூச்சின் இரு கைகளையும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. முதற்கைக்கும் இரண்டாங்கைக்கும் வெவ்வேறு நிறம் கேட்டு வாங்கினால், விடுபட்ட இடம் தானே தெரியும். நீர்வரத்துக் குழாய்களையும் அது சோதிக்காது, அவற்றுக்கு அழுத்தச் சோதனை தனி. சோதனை முடிந்த மறுநாள் கமோடைப் பொருத்த வருபவர் தரையில் போடும் நான்கு துளைகளையும் அது அறியாது. அத்துளைகள் மேற்படலத்தைத் துளைப்பவை. திருகு இறக்குமுன் ஒவ்வொன்றிலும் சீலண்ட் நிரப்ப வேண்டும்.

முடிதளக் கோடும், தேக்கிய நீரின் கோடும், தேதிகளும் சுவரில்தான் எழுதப்படுகின்றன. டைல்ஸ் ஒட்டும் நாளில் மூன்றும் மறையும். அதற்கு முன் கோட்டின்மேல் அளவுநாடா வைத்துப் படமெடுத்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் ஒரு கறை தோன்றும்போது எதைப் பெயர்ப்பது என்பதைவிட எதைப் பெயர்க்க வேண்டாம் என்பது முதலில் தெளிவாகும்.